டயர் சைடில் கட்டி: வாரன்டியில் வருமா, ‘அடிபட்டது’ என்று அனுப்பிவிடுவார்களா?

கோரிமேடு_கார் · 6 அக்டோபர் 2025

கார் வாங்கி இரண்டு வருடம் ஆகப்போகிறது. நான்கும் வண்டியோடு வந்த டயர்கள். போன வாரம் ஏற்காடு போய் இறங்கி வந்தோம். மறுநாள் வண்டி கழுவும்போது பார்த்தால் முன் இடது டயரின் சைடில் அரை எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. டயர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் குனிந்துகூடப் பார்க்கவில்லை, “குழியில விட்டிருக்கீங்க சார், அடிபட்டதுக்கெல்லாம் கிளெய்ம் கிடையாது, புதுசு போட்டுக்கங்க” என்று விலை சொல்ல ஆரம்பித்துவிட்டார். எந்தக் குழியிலும் பெரிதாக இறங்கியதாக எனக்கு நினைவில்லை. கழற்றாமலேயே இதை எப்படிச் சொல்கிறார்கள்? தயாரிப்புக் கோளாறு என்று எதைத்தான் ஒத்துக்கொள்வார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. 60க்கு மேல் போனால் வண்டியில் லேசாக ஆட்டம். பேலன்சிங் செய்தும் போகவில்லை. கட்டியால்தான் என்று நினைக்கிறேன்.

அம்மாபேட்டை_ஆக்டிவ் · 6 அக்டோபர்

சகோ, டயருக்கு அஞ்சு வருஷம் வாரன்டி. அஞ்சு வருஷத்துக்குள் எது நடந்தாலும் புது டயர் இலவசமாகத் தர வேண்டும், கடைக்காரர்தான் ஏமாற்றுகிறார். சட்டமாகப் பேசுங்கள், தானாக வழிக்கு வருவார். அப்படியே நைட்ரஜன் அடித்துவிடுங்கள், கட்டியே வராது.

டயர்மேசை · 6 அக்டோபர்

மேலே சொன்னதில் அஞ்சு வருஷம் என்பது மட்டும் ஏறக்குறைய சரி. பல கம்பெனிகள் அப்படித்தான் தருகின்றன. சிலர் வாங்கிய தேதியிலிருந்து எண்ணுவார்கள், சிலர் டயர் தயாரான தேதியிலிருந்து. ஆனால் அதோடு இன்னொரு வரியும் சேர்ந்தே இருக்கும்: அஞ்சு வருஷம், இல்லையென்றால் தரையில் படுகிற பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குத் தேயும் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை. அதுவும் தயாரிப்புக் கோளாறுக்கு மட்டும். தேய்மானம், ஆணி, வெட்டு, கல்லில் மோதியது, காத்து குறைவாக ஓட்டியது எதற்கும் கிடையாது. இலவசம் என்பதும் இல்லை. தேய்ந்த பங்குக்கு நீங்கள் காசு கட்ட வேண்டும். நைட்ரஜனுக்கும் கட்டிக்கும் சம்பந்தமே இல்லை.

இனி கட்டி. கார் ரேடியல் டயரின் சைடு உள்ளே பாலியஸ்டர் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஓடுகின்றன. காத்தின் அழுத்தத்தைத் தாங்குவது ரப்பர் அல்ல, அந்த நூல்தான். குழியின் ஓரத்துக்கும் ரிம்முக்கும் நடுவில் டயர் நசுங்கினால் நூல் அறும். அறுந்த இடத்தில் காத்து ரப்பரை வெளியே தள்ளும். அதுதான் நீங்கள் பார்க்கிற கட்டி. அடிபட்ட அன்றே தெரியலாம், வாரக்கணக்கில் கழித்தும் தெரியலாம். அதனால் “எனக்கு நினைவில்லை” என்பதை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், கோபிக்காதீர்கள்.

வெளியிலிருந்து பார்த்தே முடிவு சொன்னதுதான் தப்பு. கழற்றி உள்பக்கம் பார்க்க வேண்டும். அடிபட்டதென்றால் கட்டிக்கு நேர் உள்ளே ஒரு மடிப்புக் கோடு, சில சமயம் வெடிப்பே இருக்கும். பெரும்பாலும் ரிம் ஓரத்திலும் அதே இடத்தில் நெளிவு தெரியும். உள்ளே வழவழவென்று சுத்தமாக இருந்து வெளியே மட்டும் புடைத்திருந்தால், நூல் அடுக்கில் இடைவெளி விட்டிருக்கிறதா, அடுக்குகளுக்கு நடுவில் காத்து புகுந்திருக்கிறதா என்று சந்தேகப்பட இடம் உண்டு. அது கம்பெனி கணக்கு.

ஒன்று மறந்துவிட்டேன். சைடில் உள்வாங்கின மாதிரி மேலிருந்து கீழாக ஒரு கோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம். நூல் அடுக்கு ஒன்றன்மேல் ஒன்று சேரும் இடம் அப்படித் தெரியும். புடைப்புதான் ஆபத்து, பள்ளம் இல்லை. அந்தக் கோட்டைக் காட்டி கிளெய்ம் கேட்டு வந்தவர்கள் எக்கச்சக்கம்.

கோரிமேடு_கார் · 7 அக்டோபர்

இன்று கோடு எது, கட்டி எது என்று நான்கு டயரையும் தடவிப் பார்த்தேன். முன் இடதில் இருப்பது கட்டிதான், சந்தேகமே இல்லை. அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவு. எதிரே பஸ் வந்தால் ஓரம் கட்டித்தான் ஆக வேண்டும். தார் முடிகிற இடத்தில் ஓர் அடி இறக்கம் எங்காவது இருந்திருக்கலாம். ஆனால் ‘டங்’ என்று ஒரு சத்தமாவது கேட்டிருக்க வேண்டாமா?

நாகலூர்_ஜீப் · 7 அக்டோபர்

என் கதையையும் கேளுங்கள். தோட்டத்து ஜீப்புக்குப் புது டயர் போட்டு ஒரு வருடத்தில் முன் டயர் இரண்டும் ஓரம் மொட்டை. நடுவில் பட்டன் நன்றாக இருக்கிறது. குப்பனூர் மலைப் பாதை வழியாகத்தான் தினமும் ஏறி இறங்குகிறேன். இவ்வளவு சீக்கிரம் தேய்ந்தால் ரப்பர் கோளாறு என்றுதானே அர்த்தம்? இதற்கு எப்படிக் கிளெய்ம் போடுவது?

டயர்மேசை · 7 அக்டோபர்

போட முடியாது அண்ணா. இரண்டு ஓரமும் சமமாக மொட்டையாகி நடு மிஞ்சினால் முதல் சந்தேகம் காத்து குறைவு. மலை வளைவில் வண்டியின் எடை ஓரத்தில் சாய்வதும் சேர்ந்துகொள்ளும். ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட். நடு மட்டும் என்றால் காத்து அதிகம். எல்லாமே தேய்மானக் கணக்கு. கிலோமீட்டர் குறைவாக ஓடியது என்பதை மட்டும் வைத்து இங்கே யாரும் கோளாறு என்று எழுத மாட்டார்கள். மலை ஏறுமுன், டயர் ஆறியிருக்கும்போது காத்து பாருங்கள். ஓட்டி முடித்த சூட்டில் பார்த்தால் கூடுதலாகத்தான் காட்டும். அதை நம்பி இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைவாக இருக்கும்.

சங்ககிரி_ஃபுல்லோடு · 7 அக்டோபர்

காத்து பார்க்காமல் கம்பெனியைத் திட்டுவது ஜீப்காரருக்கு மட்டுமில்லை, எங்கள் டிரைவர்களுக்கும் பழக்கம். லாரி ரேடியலில் முதல் ஆயுசு முடிந்து ரீட்ரேடுக்குப் போட்டேன். ஒட்டின பட்டன் பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது. டயர் கம்பெனி “எங்க பட்டன் இல்லையே” என்கிறது, ரீட்ரேட் பட்டறை “உங்க கேசிங்தான் செத்துப்போச்சு” என்கிறது. நடுவில் நான். இந்த இழைக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆற்றாமையில் எழுதிவிட்டேன்.

டயர்மேசை · 8 அக்டோபர்

லாரிக்காரருக்கு: ரீட்ரேட் செய்த பிறகு டயர் கம்பெனி கைகழுவுவது வழக்கம். பட்டறை தன் வேலைக்கு எழுதிக் கொடுத்ததுதான் வாரன்டி. விழுந்த பாளத்தின் அடியில் பாருங்கள். பழைய ரப்பர் பரப்பு வழவழவென்று இருந்தால் ஒட்டினது சரியில்லை. கம்பி தெரியும்படி கேசிங் ரப்பரோடு பிய்ந்திருந்தால் பட்டறையைத் திட்ட முடியாது.

கோரிமேட்டுக்கு: ஆட்டம் கட்டியால் என்று ஏன் முடிவு செய்தீர்கள்? சின்ன சைடு கட்டி பேலன்சிங் கடந்தும் ஆட்டுவது எனக்கு நம்பிக்கையாக இல்லை. ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கி வைத்துத் தூக்கி, பட்டனுக்கு மேலே ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் மட்டும் உரசினால் அங்கே மேடு. அந்த மேட்டைக் கையால் அமுக்கிப் பாருங்கள். பின் சக்கரத்தையும் விடாதீர்கள்.

கோரிமேடு_கார் · 11 அக்டோபர்

பின் வலது. சாக்பீஸ் ஒரு கை அகலத்துக்கு உரசுகிறது, மற்ற இடத்தில் ஒன்றுமில்லை. சைடில் எதுவும் இல்லை, மேடு பட்டன் பகுதியில். இத்தனை நாளும் நான் முன் டயரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

டயர்மேசை · 11 அக்டோபர்

வண்டியை எடுக்காதீர்கள். முக்கியமாக பைபாஸில் வேகமாகப் போக வேண்டாம். பட்டனுக்கு அடியில் இரண்டு இரும்புக் கம்பி அடுக்குகள் உண்டு. அவற்றுக்கு நடுவில் ஒட்டு விட்டால் இப்படி மேடு வரும். சூடேறினால் பட்டன் மொத்தமாக உரிந்து வீல் ஆர்ச்சைக் கிழிக்கும். ஸ்டெப்னி போடுங்கள்.

கிளெய்ம் போடத் தகுந்த டயர் இதுதான். முன் டயரை விட இதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் ஒரு கேள்வி, அதில் பஞ்சர் போட்டிருக்கிறீர்களா?

கோரிமேடு_கார் · 11 அக்டோபர்

ஒன்று போட்டிருக்கிறேன். வெளியிலிருந்து திரி குத்துகிற பஞ்சர்.

டயர்மேசை · 11 அக்டோபர்

மேட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் என்று பாருங்கள். திரி உள்பக்கம் முழுதாக அடைக்காது. ஆணித் துளை வழியாக ஈரம் கம்பிக்குப் போய் துருப் பிடித்தால் ஒட்டு விடும். மேட்டுக்குள்ளேயே திரி இருந்தால் “பஞ்சரால் வந்தது” என்று எழுதிவிடுவார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. எதிர்ப்பக்கம் இருந்தால் வாதாடலாம்.

கிளெய்ம் போடும் முறை இதுதான். கார் ஷோரூம் வேண்டாம். வண்டியோடு வந்த டயருக்கும் பொறுப்பு டயர் கம்பெனிதான். அந்தக் கம்பெனியின் அங்கீகரித்த டீலர் எவரிடமும் போகலாம், வாங்கின கடைக்கே போக வேண்டியதில்லை. வண்டி பில், ஆர்.சி., ஓடின கிலோமீட்டர் எடுத்துக்கொண்டு போங்கள். டயரில் இருக்கும் சீரியல் எண்ணைப் போட்டோ எடுங்கள். டாட் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தையும் எடுங்கள். 3123 என்றிருந்தால் 2023இல் 31ஆவது வாரம் தயாரானது என்று பொருள். சில டயரில் இந்த நான்கு எண்ணும் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், தெரியவில்லையென்றால் குனிந்து உள்பக்கம் தேடுங்கள்.

டீலரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: “டாக்கெட் போடுங்க”, அதாவது கிளெய்மைப் பதிந்து எண் கொடுங்கள். ஏற்பதும் மறுப்பதும் அவர் கையில் இல்லை, கம்பெனி சர்வீஸ் இன்ஜினியர் கையில். டீலர் வாயால் “ஆகாது” என்று சொல்வது கம்பெனியின் பதில் இல்லை. டாக்கெட் எண்ணை வாங்காமல் டயரை விட்டுவிட்டு வராதீர்கள். எண் இல்லாத டயர் மூலையில் கிடந்து தூசி வாங்கும்.

அம்மாபேட்டை_ஆக்டிவ் · 12 அக்டோபர்

நான் சொன்னது இதுதான். அஞ்சு வருஷம், டீலர் ஏமாற்று. யாரும் கேட்கவில்லை.

சங்ககிரி_ஃபுல்லோடு · 12 அக்டோபர்

நைட்ரஜனை விட்டுவிட்டீர்கள்.

கோரிமேடு_கார் · 15 அக்டோபர்

இரண்டு டயருக்கும் டாக்கெட் போட்டாகிவிட்டது. முதல் கடைக்குப் போகவில்லை, கொண்டலாம்பட்டி பக்கம் வேறு டீலர். முதலில் அவரும் முன் டயருக்கு இழுத்தார். “நீங்க முடிவு எழுத வேண்டாம், டாக்கெட் மட்டும் போடுங்க” என்றதும் பேசாமல் எழுதிக்கொடுத்தார். திரி மேட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம், அரை சுற்று தள்ளி இருக்கிறது. அதையும் அளந்து போட்டோ எடுத்து வைத்தேன்.

ஒரு சந்தேகம். பின் வலது டயரின் பட்டனில் நடுக் காடியின் ஆழம் 5.2 மில்லிமீட்டர், உள் ஓரக் காடி 4.4 என்று கடைப்பையன் கேஜ் வைத்து எழுதினான். இது போன ரொட்டேஷனுக்கு முன் முன்னால் ஓடின டயர். இந்த எண்ணை வைத்து என்ன செய்வார்கள்?

டயர்மேசை · 15 அக்டோபர்

உங்கள் பணமே அந்த எண்ணில்தான் இருக்கிறது. புதிதாக இருந்தபோது காடி எவ்வளவு?

கோரிமேடு_கார் · 15 அக்டோபர்

ஸ்டெப்னி ஓடவே இல்லை, அதே மாடல் டயர். அளந்தால் 8.0.

டயர்மேசை · 16 அக்டோபர்

நல்ல வேலை செய்தீர்கள். இப்போது கணக்கைப் பாருங்கள். 8.0இல் கடைசி 1.6 சட்டப்படி ஓட்டக் கூடாத ஆழம். அதைக் கழித்தால் பயன்படுத்தக்கூடியது 6.4. நடுக் காடியை எடுத்தால் தேய்ந்தது 2.8. 6.4இல் 2.8 என்பது 43.75 சதவீதம். புது டயர் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நீங்கள் கட்டுவது 2,625.

உள் ஓரக் காடியை எடுத்தால் தேய்ந்தது 3.6. அதாவது 56.25 சதவீதம், கட்டுவது 3,375. அலைன்மென்ட் பார்க்காததற்கு 750 ரூபாய். கோளாறு வேறு, தேய்மானம் வேறு என்று நாம் பிரித்துப் பேசுகிறோம், ஆனால் கிளெய்ம் ஏற்கப்பட்ட பிறகும் தேய்மானம் உங்கள் பையில் கை விடும்.

குறைந்த காடியா, சராசரியா என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. சில இடத்தில் 1.6ஐக் கழிக்காமல் மொத்த 8.0க்கும் கணக்குப் போடுவார்கள், அப்போது நடுக் காடிக்கு 35 சதவீதம்தான் வரும், 2,100 ரூபாய். அதனால் வாரன்டி அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் பேசுங்கள். விலை எது என்றும் கேளுங்கள். செப்டம்பர் 22இல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 ஆகிவிட்டது. பழைய விலைப்பட்டியலை வைத்துச் சதவீதம் போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நாகலூர்_ஜீப் · 16 அக்டோபர்

அப்படியென்றால் என் மொட்டை ஓர டயரில் நாளைக்கு நிஜக் கோளாறு வந்தாலும் ஒன்றும் கிடைக்காதா?

டயர்மேசை · 16 அக்டோபர்

ஓரம் 1.6க்குக் கீழே போயிருந்தால் வாரன்டி முடிந்தது என்றுதான் பலரும் சொல்வார்கள். காடிக்குள் குறுக்கே சின்னத் திட்டு இருக்கும், அதுதான் அடையாளம். பட்டன் அதன் மட்டத்துக்கு வந்துவிட்டதா பாருங்கள்.

கோரிமேடு_கார் · 29 அக்டோபர்

முடிவு வந்துவிட்டது. தீபாவளியால் இழுத்தது.

பின் வலது ஏற்கப்பட்டது. இன்ஜினியர் என் முன்னாலேயே கழற்றச் சொன்னார். உள்ளே திரி முனையைச் சுற்றித் துரு இருக்கிறதா என்று பார்த்தார், பிறகு காத்து குறைவாக ஓடின தடம் தேடினார். அப்படி ஓடியிருந்தால் உள்பக்கம் வட்டமாக உரசல் கோடும் ரப்பர் பொடியும் இருக்குமாம், இதில் இல்லை. மேட்டை அறுத்துக் காட்டும்படி கேட்டேன், அது டிப்போவில்தான் என்றார். காடி விஷயத்தில் குறைந்ததைத்தான் எடுப்போம் என்றார். வாரன்டி அட்டையில் அப்படி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். போனில் யாரிடமோ பேசிவிட்டு மூன்று காடியின் சராசரிக்கு ஒத்துக்கொண்டார். வெளி ஓரக் காடியும் 5.2 இருந்தது, அதனால் சராசரி 4.93. பாதிக்குக் கொஞ்சம் கீழேதான் கட்டினேன். பழைய டயரைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. புது டயருக்கு பில் வந்தது, சீரியல் எண்ணோடு.

முன் இடது மறுக்கப்பட்டது. உள்ளே கட்டிக்கு நேராக மெல்லிய மடிப்புக் கோடு இருக்கிறது, எனக்கே காட்டினார். ரிம்மில் ஒன்றுமில்லை. ரிம் நெளியாமல் எப்படி நசுங்கும் என்று கேட்டால், காத்து கொஞ்சம் குறைவாக இருந்து கூர்மையான கல்லில் மெதுவாக ஏறினாலும் போதும் என்கிறார். எழுத்தில் கேட்டேன், ‘மோதலால் நூல் அறுந்தது’ என்று டாக்கெட்டில் எழுதிக் கொடுத்தார். டயர் திரும்பக் கைக்கு வந்துவிட்டது.

எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. ஒரே வண்டி, ஒரே வாரத்தில் தயாரான இரண்டு டயர்கள். ஒன்று ஒட்டு விட்டிருக்கிறது. மற்றதில் நூல் பலவீனமாக இருந்திருக்கக் கூடாதா?

சங்ககிரி_ஃபுல்லோடு · 29 அக்டோபர்

அதைத்தான் நானும் கேட்பேன். பலவீனமான நூல் சின்ன அடியில் அறும், நல்ல நூல் அறாது. அடி பட்டதா என்பதை விட எவ்வளவு அடி பட்டது என்றல்லவா பார்க்க வேண்டும்? மடிப்புக் கோட்டை வைத்து அதைச் சொல்ல முடியுமா?

டயர்மேசை · 30 அக்டோபர்

முடியாது. கோடு, அடி பட்டதைச் சொல்லும், அடியின் பலத்தைச் சொல்லாது. ஆனால் ஒட்டு விடுவதும் நூல் அறுவதும் வேறு வேறு அடுக்கு, வேறு வேறு வேலை. ஒன்றை வைத்து மற்றதைச் சந்தேகிக்க எனக்குத் துணிவில்லை. லாரிக்காரர் சொல்வதை மறுக்கவும் முடியவில்லை.

அம்மாபேட்டை_ஆக்டிவ் · 30 அக்டோபர்

கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போங்கள் சகோ, ஒரு லட்சம் நஷ்டஈடு நிச்சயம்.

டயர்மேசை · 30 அக்டோபர்

ஒரு லட்சத்தை மறந்துவிடுங்கள். ஆனால் வழி இருக்கிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதியுங்கள், சில சமயம் கம்பெனி அதிலேயே இறங்கிவரும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கோளாறா இல்லையா என்பதைச் சோதிக்காமல் சொல்ல முடியாது என்றால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. சோதனைச் செலவை முதலில் உங்களைக் கட்டச் சொல்வார்கள். 6,000 ரூபாய் டயருக்கு அது தேவையா என்பது உங்கள் முடிவு. போவதாக இருந்தால் டயரைத் தொடாமல் வெயில் படாமல் வையுங்கள்.

இன்சூரன்ஸ் பாலிசியையும் ஒருமுறை புரட்டுங்கள். சாதாரண பாலிசியில் டயர் மட்டும் கெட்டால் வராது. தனியாக டயர் பாதுகாப்பு சேர்த்திருந்தால் அடிபட்ட கட்டி அதில் வர வாய்ப்பு உண்டு. அங்கே கதை தலைகீழ்: தயாரிப்புக் கோளாறு என்றால் அவர்கள் தர மாட்டார்கள். கம்பெனி எழுதிக் கொடுத்த ‘மோதலால்’ என்ற வரி அங்கே உங்களுக்குச் சாதகம்.

கோரிமேடு_கார் · 1 நவம்பர்

பாலிசியில் அது இல்லை. அடுத்த வருடம் சேர்க்கலாமா என்று பார்க்கிறேன். 1915இல் பதிந்துவிட்டேன். வழக்கு வரை போவேனா என்று தெரியவில்லை. இந்தக் கட்டி டயரை அதுவரை ஸ்டெப்னியாகவாவது போட்டுக்கொள்ளலாமா? பட்டன் நிறைய இருக்கிறது.

டயர்மேசை · 1 நவம்பர்

கூடாது. ஸ்டெப்னி தேவைப்படுவதே ராத்திரியில், மழையில், 14ஆவது வளைவில்தான். பட்டன் இருந்து என்ன, தாங்குகிற நூல் இல்லையே. பழைய டயர் வாங்குபவரிடமும் அப்படியே கொடுக்காதீர்கள், கட்டியை இறக்கிவிட்டு வேறு யாருக்காவது விற்றுவிடுவார். வேண்டாம் என்று முடிவானதும் சைடை அறுத்துவிட்டுக் கொடுங்கள்.

நாகலூர்_ஜீப் · 2 நவம்பர்

இன்று காலை ஆறின டயரில் காத்து பார்த்தேன். 35 இருக்க வேண்டிய இடத்தில் 24. பங்க் பையன்மேல் பழியைப் போட்டுவிட்டேன்.